கணுக்காலை அளக்காமல் வாங்கிய காலுறை

கேள்வி: எனக்கு 47 வயது. மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறேன். மாலையில் இரண்டு காலும் வீங்கிவிடும். இடது கெண்டையில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், ரத்தக்கட்டி இல்லை, வெரிகோஸ்தான், 'கிளாஸ் 2' ஸ்டாக்கிங்ஸ் போடுங்கள் என்றார். வலது முட்டியின் உள்பக்கம் படி ஏறும்போது வலிப்பதற்குத் தேய்மானத்தின் ஆரம்பம் என்று சொல்லி, நீ கேப் போடச் சொன்னார். மருந்துக் கடையில் என்னைப் பார்த்துவிட்டு எக்ஸ்எல் கொடுத்தார்கள். அது சரிந்து வந்து கெண்டையை வெட்டுகிறது. கடையில் இருக்கும் டேப்பால் அளந்து பார்த்தேன். காலையில் இடது கணுக்கால் 23 செ.மீ., கெண்டை 41. வலது கணுக்கால் 22.5, கெண்டை 39. இரவில் இடது கணுக்கால் 25.5. தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை 37. பெட்டியில் உள்ள அட்டவணை: எம் என்றால் கணுக்கால் 22–24, கெண்டை 33–40, எல் என்றால் 25–27, 36–43, எக்ஸ்எல் என்றால் 28–30, 39–46. ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எந்த அளவு, எந்தத் துணி, எந்த அழுத்தம் வாங்குவது? முட்டிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காலை அளவையும் இரவு அளவையும் தனித்தனியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த எண்களிலேயே இருக்கிறது. ஆனால் புதிய ஜோடி வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் சர்க்கரையைப் பற்றியது அது.

அழுத்தக் காலுறை வெளியிலிருந்து காலை இறுக்கி, விரிந்துபோன சிரைகளைச் சுருக்கி, ரத்தம் மேலே திரும்ப உதவுகிறது. அதே இறுக்கம், பாதத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகளின் மீதும் விழுகிறது. தமனிகள் நன்றாக இருப்பவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தமனிகள் ஏற்கெனவே குறுகியிருந்தால் காலுறையே பாதத்தில் புண்ணை உண்டாக்கிவிடலாம். சர்க்கரை நோயில் தமனி குறுகுவதும் பாதத்தில் உணர்ச்சி குறைவதும் சேர்ந்தே வரக்கூடியவை. உணர்ச்சி குறைந்த கால் தன்னை எது வெட்டுகிறது என்று சொல்லாது. உங்களுக்கு எடுத்த ஸ்கேன் சிரைகளைப் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டதாகவே தெரிகிறது. தமனிகளையும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அதற்கான பரிசோதனை எளிமையானது, வலியில்லாதது. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போலவே கணுக்காலிலும் ஒரு சிறு டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்து, கணுக்காலின் மேல் அழுத்தத்தைக் கையின் மேல் அழுத்தத்தால் வகுப்பார்கள். கையில் 130, கணுக்காலில் 126 என்றால் விகிதம் ஏறக்குறைய 0.97, நீங்கள் தயங்காமல் காலுறை அணியலாம். கணுக்காலில் 78 மட்டுமே இருந்தால் விகிதம் 0.6. பொதுவாக 0.8-க்குக் கீழே போனால் வழக்கமான அழுத்தத்தைத் தவிர்த்து, குறைந்த அழுத்தத்தைக்கூட மருத்துவர் கண்காணிப்பில்தான் தருவார்கள், 0.5-க்குக் கீழே அழுத்தக் காலுறையே கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துப்போனால், ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும் விகிதம் 1.3-க்கு மேல் உயர்ந்து, எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். அப்படி வந்தால் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் சோதனையையும் செய்துகொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்தது அழுத்தம். 'கிளாஸ் 2' என்று மருத்துவர் சொன்னது தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஆளுக்கொரு பொருளைக் கொடுப்பார்கள். ஜெர்மனியின் தரப்படி இரண்டாம் வகுப்பு என்பது கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பிரிட்டனின் தரப்படி அதே இரண்டாம் வகுப்பு 18 முதல் 24 வரைதான். அமெரிக்க முறையில் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் வகுப்பைவிட 15–20, 20–30, 30–40 என்று எண்களையே பெட்டியில் போடுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் இந்த முறைகளெல்லாம் கலந்து கிடைக்கும். ஆகவே வகுப்பைப் பார்க்காமல், பெட்டியில் எம்.எம்.எச்.ஜி. என்ற அலகோடு அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். மருத்துவரிடமும் சீட்டில் அந்த எண்ணையே எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணே போடாமல் 'மிதமான தாங்குதல்', 'உறுதியான தாங்குதல்' என்று மட்டும் எழுதியிருக்கும் பெட்டியை நான் என் நோயாளிகளுக்கு வாங்கச் சொல்வதில்லை.

அந்த எண் கணுக்காலில் விழும் அழுத்தத்தைக் குறிப்பது. அங்கிருந்து மேலே போகப் போக அழுத்தம் குறைய வேண்டும். கெண்டையில் ஏறத்தாழ 70 விழுக்காடு அளவுக்கு இறங்கியிருக்கும்படி நெய்வார்கள். இந்த இறங்குவரிசைதான் காலுறையின் உயிர். கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால் ரத்தம் மேலே போகும்; கீழே தளர்ந்து மேலே இறுகினால் ரத்தம் கீழேயே தேங்கும். நீங்கள் வாங்கிய எக்ஸ்எல் செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது வேலையைத்தான். 28–30 செ.மீ. கணுக்காலுக்கென்று நெய்த காலுறை உங்கள் 23 செ.மீ. கணுக்காலில் ஏறக்குறைய இழுபடாமலே நிற்கிறது. அங்கே சொல்லும்படியான அழுத்தம் இல்லை. பிடிப்பு இல்லாததால் அது சரிகிறது, சரிந்த துணி கெண்டைக்குக் கீழே மடிப்பாகக் குவிகிறது, இரண்டு மூன்று அடுக்காகக் குவிந்த இடத்தில் அழுத்தமும் அதே மடங்கில் கூடுகிறது. வெட்டுகிறதே, இன்னும் பெரிய அளவு வாங்கலாமா என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் அது பெரிதாக இருப்பதால்தான் வெட்டுகிறது.

சரியான அளவுக்கு வருவோம். முட்டிக்குக் கீழே வரும் காலுறைக்கு மூன்று சுற்றளவுகளும் ஒரு நீளமும் வேண்டும். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள், வீக்கம் ஏறுவதற்கு முன்பாகவே எடுத்துவிட வேண்டும். முதல் அளவு, கணுக்கால் எலும்புப் புடைப்புக்கு மேலே கால் மிக மெலிந்திருக்கும் இடத்தில். டேப்பைப் புடைப்பின் மீதே சுற்றிவிடுவது பலரும் செய்யும் பிழை, அதனால் அளவு கூடுதலாக வந்து ஒரு படி பெரிய காலுறை கைக்கு வரும். இரண்டாவது, கெண்டை மிகப் பருத்திருக்கும் இடத்தில். மூன்றாவது, முட்டி மடிப்புக்கு இரண்டு விரல் கீழே, காலுறையின் மேல்விளிம்பு உட்காரப்போகும் இடத்தில். இந்த மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை; அளந்துகொள்ளுங்கள். நீளத்தைக் குதிகாலடியில் தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை எடுக்க வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது விடுகிற அரை விரல் தளர்ச்சி இங்கே வேண்டாம்.

இப்போது உங்கள் எண்களை அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். இரவு அளவான 25.5-ஐ எடுத்தால் இடது காலுக்கு எல் வருகிறது. காலை அளவான 23-ஐ எடுத்தால் எம். இந்த 2.5 செ.மீ. வித்தியாசம் முழுவதும் நாள்பூரா தேங்கிய நீர். அந்த நீர் சேராமல் தடுக்கத்தான் காலுறை போடுகிறோம். அது சேர்ந்த பிறகு எடுத்த அளவுக்குக் காலுறை வாங்கினால், நீர் சேர்வதற்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும். எனவே எம்தான். வலது காலுக்குக் கணுக்கால் 22.5, கெண்டை 39. இரண்டும் எம் வரிசைக்குள் அடங்குகின்றன. சிக்கல் இடது காலில் இருக்கிறது. கணுக்கால் எம் என்கிறது. கெண்டையோ எம்மின் மேல்வரம்பான 40-ஐத் தாண்டி 41-இல் நிற்கிறது.

இந்த இடத்தில் கடைக்காரர்கள் பெரும்பாலும் எல் அளவை எடுத்து நீட்டுவார்கள். கெண்டைக்குப் பொருந்துகிறதே என்பார்கள். அதை ஏற்காதீர்கள். இரண்டு அளவுகள் இரண்டு சைஸைக் காட்டும்போது கணுக்கால் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் பெட்டியில் எழுதியிருக்கும் அழுத்தம் கணுக்காலில் விழ வேண்டிய அழுத்தம். எல் போட்டால் கெண்டையில் சரியாகவும் கணுக்காலில் தளர்வாகவும் இருந்து, இப்போதைய தொல்லையே சற்றுச் சிறிய அளவில் தொடரும். அதற்காக எம்மை அப்படியே இழுத்து மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். கெண்டையில் தேவைக்கு மேல் இறுகி, மேல்விளிம்பு பதியும். பல தயாரிப்பாளர்கள் ஒரே கணுக்கால் அளவில் அகலக் கெண்டை வகையையும் செய்கிறார்கள். 'எம் வைட்' அல்லது 'எம் பிளஸ்' என்று கேட்டுப் பாருங்கள். அந்த வகையின் கெண்டை வரம்பு உங்கள் வலது காலின் 39-ஐயும் உள்ளடக்கினால் ஒரே ஜோடியாக வாங்கலாம். இல்லையென்றால் இடதுக்கு அகலம், வலதுக்குச் சாதாரணம் என்று வாங்க வேண்டியிருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் காலளவுக்குத் தைத்துத் தருபவர்களிடம் போகலாம். விலை கூடும், சில நாள் காத்திருக்கவும் வேண்டும், ஆனாலும் அலமாரியில் தூங்கும் ஒரு பொருத்தமற்ற ஜோடியைவிட அது மலிவுதான். அட்டவணை ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவரின் எம் மற்றொருவரின் எல்லாக இருக்கலாம். வேறு பெட்டியை எடுத்தால் 23, 41 என்ற எண்களோடு மறுபடி அட்டவணைக்குப் போங்கள், எம் என்ற எழுத்தோடு போகாதீர்கள்.

நீளத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை. உங்களுடையது 37 செ.மீ.; இந்த அளவுக்குப் பல தயாரிப்புகளில் 'ஷார்ட்' என்று தனி நீளம் உண்டு. சாதாரண நீளத்தை வாங்கிவிட்டால் மேலே மிஞ்சும் துணி முட்டி மடிப்புக்குள் போய் உறுத்தும், உடனே அதைக் கீழே மடித்துவிடத் தோன்றும். மடித்த விளிம்பில் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, காலைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல ஆகிவிடும். நீளம் மிஞ்சினால் காலுறையை மாற்ற வேண்டும். மடிப்பதும் வெட்டுவதும் கூடாது.

தொடை வரை வரும் நீளக் காலுறை வேண்டுமா என்று கேட்கக்கூடும். உங்கள் வீக்கமும் புடைப்பும் முட்டிக்குக் கீழே இருப்பதால் முட்டி வரை போதும். தொடை நீளத்தைச் சேலைக்குள் நாள் முழுவதும் சரியாமல் வைத்திருப்பது சிரமம். அதன் மேல்விளிம்பில் ஒட்டும் சிலிக்கான் பட்டை வியர்வையில் தோலை அரித்து எடுக்கும்.

துணியைப் பொறுத்தவரை, 'காட்டன் ஸ்டாக்கிங்ஸ் கொடுங்கள், வெயிலுக்கு நல்லது' என்று கேட்பது நம் ஊர் வழக்கம். பருத்தியால் காலை அமுக்க முடியாது. அழுத்தத்தைத் தருவது உள்ளே ஓடும் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுவை இழை. அதற்கு உடம்பாக நைலான் இருக்கும். பருத்தி கலந்த வகை என்றால் தோலைத் தொடும் பக்கத்தில் பருத்தி சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். தோல் வறண்டு அரிக்கிறவர்களுக்கு அது இதமாக இருக்கும். ஆனால் துணி தடிமனாகும், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துவைத்தால் மெல்லத்தான் காயும். மெல்லிய நைலான் நுண்ணிழை வகை சீக்கிரம் காயும், புழுக்கமும் குறைவு. மதுரை வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் உங்களுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். முன்பு எப்போதாவது நைலானால் தோல் தடித்திருந்தால் மட்டும் பருத்தி கலப்பு. இழையில் இயற்கை ரப்பர் கலந்திருக்கிறதா என்பதையும் பெட்டியில் பாருங்கள். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிக்கிற உடம்பு என்றால் ரப்பர் இல்லாததையே கேளுங்கள்.

விரல் மூடியதா, திறந்ததா என்ற கேள்விக்கு உங்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: திறந்தது. காற்றோட்டம் ஒரு காரணம். சர்க்கரை உள்ளவரின் விரல்களைக் காலுறையைக் கழற்றாமலே நாளில் இரண்டு முறை பார்த்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஜவுளிக் கடைகளில் விரிப்பின் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்வதுண்டு. உங்கள் கடையிலும் அப்படியானால், சர்க்கரைக்கு ஏற்ற மென்மையான உள்செருப்புக்கு அனுமதி கேளுங்கள். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டியது கடையின் கடமை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் அசைத்தால், கெண்டைத் தசை ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறக்குறைய 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். 30 மில்லிமீட்டர் காலுறை ஒன்று தனியாக அதை முழுவதும் ஈடுகட்டிவிடாது.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குப் போட்டுவிடும் வெள்ளைக் காலுறை வீட்டில் யாரிடமாவது இருக்கலாம். அதைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். படுத்திருப்பவருக்கு ரத்தக்கட்டி வராமல் தடுக்க, கணுக்காலில் 18 அளவுக்கு மட்டும் அழுத்தம் தருவதற்காகச் செய்தவை அவை. நின்று வேலை செய்பவரின் வீக்கத்துக்கு ஏற்றவை அல்ல.

மாட்டும் விதம் தவறினால் சரியான அளவும் வீணாகும். காலையில் முகம் கழுவியதும், சமையலில் நிற்பதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். கையைக் காலுறைக்குள் விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். பாதத்தை நுழைத்து, துணியின் குதிகால் உங்கள் குதிகாலில் சரியாக உட்கார்ந்த பிறகு, மீதியைச் சிறிது சிறிதாக மேலே தடவிக்கொண்டு போங்கள். மேல்விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. அப்படி இழுத்தால் துணி முழுவதும் மேலே போய் நீளம் மிஞ்சிவிடும், இழையும் அறுந்துபோகும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடிப்பு நன்றாக இருக்கும், மோதிரமும் நகமும் இழையைக் கிழிக்காது. தேங்காயெண்ணெயோ களிம்போ காலையில் தடவாதீர்கள். எண்ணெய் இழுவை இழையை நைத்துவிடும். இரவில் கழற்றிய பிறகு தடவிக்கொள்ளலாம்.

பொருத்தம் சரியா என்று உங்கள் டேப்பே சொல்லும். ஒரு வாரம் அணிந்த பின், இரவு கழற்றியவுடன் இடது கணுக்காலை முன்பு அளந்த அதே இடத்தில் அளந்து பாருங்கள். காலை அளவான 23-இலிருந்து ஒரு செ.மீ.க்குள் இருந்தால் காலுறை தன் வேலையைச் செய்கிறது. மறுபடி 25-ஐத் தொட்டால் அளவோ அழுத்தமோ போதவில்லை, அல்லது மதியம் கழற்றிவிடுகிறீர்கள். தோலில் நெசவின் மெல்லிய கோடுகள் பதிந்து சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். ஆழமான பள்ளம், விரலில் மரத்தல், விரல் நீலமாவது அல்லது வெளிறுவது, கால் ஓய்விலிருக்கும்போதே பாதத்தில் வலி ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அப்போதே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 23–32-ஐ மாட்டவே முடியாமல் தினம் போராட்டமாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு 18–21-க்கு இறங்கலாம். தினமும் அணியும் குறைந்த அழுத்தத்தால் கிடைக்கும் பயன், பெட்டியிலேயே கிடக்கும் அதிக அழுத்தத்தால் கிடைக்காது.

இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். தினமும் மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். துவைப்பது வியர்வையைப் போக்குவதோடு, தளர்ந்த இழை மறுபடி சுருங்கவும் உதவுகிறது. பிளீச்சிங், துணி மென்மையாக்கும் திரவம், இஸ்திரி மூன்றும் ஆகாது. இப்படி வைத்துக்கொண்டாலும் ஆறு மாதத்தில் இழையின் பிடிப்பு குறைந்துவிடும். மாட்டுவது திடீரென்று சுலபமாகிவிட்டதே என்று தோன்றினால், காலுறை மூப்படைந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலுறை வீக்கத்தையும் கனத்தையும் அணிந்திருக்கும் வரை குறைக்கும். புடைத்த சிரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிரையை மூடும் சிகிச்சை பொருந்தாதபோதுதான் காலுறையைச் சிகிச்சையாகத் தரச் சொல்கிறது. லேசர் போன்ற சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்று ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

இனி முட்டி. கடையில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதால் முட்டி உறையையும் காலுறையையும் ஒரே இனமாக நினைக்கிறோம். முட்டி உறைக்கு இறங்குவரிசை அழுத்தம் கிடையாது; அது முட்டியைச் சூடாக வைத்து, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வைக் கூட்டி, நடக்கத் துணிவு தருகிறது. உடல் எடையை அது தாங்குவதில்லை. எடை விழும் பக்கத்தை மாற்றித் தரும் வகை ஒன்று உண்டு. பக்கத்தில் உலோகக் கம்பியும் கீலும் வைத்து, தேய்ந்த பக்கத்திலிருந்து சுமையை மறுபக்கம் தள்ளுவது அது. உட்பக்கம் நன்றாகத் தேய்ந்து கால் வளையத் தொடங்கியவர்களுக்கு அதை அளவெடுத்துப் பொருத்துவோம். இரு பக்கமும் கீல் வைத்த சாதாரண வகை, தசைநார் கிழிந்து முட்டி நழுவுகிறவர்களுக்கானது. தேய்மானம் ஆரம்ப நிலையிலும் வலி படி ஏறும்போது மட்டும் என்ற அளவிலும் இருக்கும் உங்களுக்கு இந்த இரண்டும் இப்போது வேண்டாம். நெய்த துணியாலான எளிய உறை போதும். முட்டிச் சில்லு இருக்கும் இடத்தில் திறப்போ மென்வளையமோ இருந்தால் படியில் மடக்கும்போது அமுக்காது. முட்டி நழுவுகிறது, பாதியில் பூட்டிக்கொள்கிறது, சூடாக வீங்குகிறது என்றால் உறை வாங்கும் கட்டத்தை அது தாண்டிவிட்டது. எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முட்டி உறையின் அளவில் குழப்பம் வருவதற்குக் காரணம், தயாரிப்பாளர்கள் ஒரே இடத்தில் அளக்கச் சொல்வதில்லை. சிலர் முட்டிச் சில்லின் நடுவில் சுற்றளவு கேட்பார்கள். சிலர் சில்லுக்கு மேலே 15 செ.மீ. தூரத்தில் தொடையின் சுற்றளவு கேட்பார்கள். இரண்டுக்கும் இடையே பல செ.மீ. வித்தியாசம் வரும், அளவும் ஓரிரு படி மாறிவிடும். பெட்டியில் உள்ள படத்தில் டேப் எங்கே சுற்றியிருக்கிறது, கால் நீட்டியிருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று பார்த்து அப்படியே அளந்துகொள்ளுங்கள். எண் அங்குலத்தில் இருக்கிறதா செ.மீ.யிலா என்பதையும் கவனியுங்கள். அணிந்தபின் உறையின் மேலும் கீழும் ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். உட்கார்ந்து எழும்போது முட்டியின் பின்குழியில் துணி சுருண்டு திரளக் கூடாது. காலின் முக்கியச் சிரை அந்தப் பின்குழி வழியாகத்தான் மேலே போகிறது. வெரிகோஸ் உள்ளவருக்கு அங்கே துணி திரண்டு அழுத்துவது நல்லதல்ல. அதனால் பின்பக்கம் மெல்லிய நெசவோ சிறு திறப்போ உள்ளதை வாங்குங்கள். நியோபிரீன் எனப்படும் தடித்த ரப்பர் நுரை வகை சூடு நன்றாகத் தரும். ஆனால் நம் வெயிலில் வியர்வை உள்ளேயே நிற்கும், சிலருக்கு அதில் சேர்க்கும் வேதிப்பொருளால் தோல் தடிக்கும். உங்களுக்கு நைலான்–ஸ்பான்டெக்ஸ் நெசவே போதும்.

இரண்டையும் வலது காலில் ஒரே நேரத்தில் போடலாமா என்ற கேள்வி அடுத்து எழும். போட வேண்டாம் என்பது என் கருத்து. காலுறையின் மேல்விளிம்பு முட்டி மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும், 25 செ.மீ. நீளமுள்ள சாதாரண முட்டி உறை சில்லுக்குக் கீழே 12 செ.மீ. வரை இறங்கி அந்த விளிம்பின் மேலேயே உட்காரும். ஒன்றன்மேல் ஒன்றாக விழும் அடுக்குகளின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். கெண்டையில் இறங்கிவரும் அழுத்தம், அதற்கு மேலே முட்டியருகில் திடீரென்று ஏறிவிடும். இறங்குவரிசை அங்கே தலைகீழாகும். ஆகவே நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும் நேரம் முழுவதும் காலுறை. விடுமுறை நாளில் நடக்கும்போதும் படியேறி இறங்கும் வேலை இருக்கும்போதும் காலுறை இல்லாமல் முட்டி உறை, அதுவும் ஓரிரு மணி நேரம். இரண்டையும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கடையில் மாடி ஏறியே ஆக வேண்டும் என்றால், சில்லுக்குக் கீழே கட்டும் பட்டையை வாங்காதீர்கள். அதுவும் காலுறை விளிம்பருகில்தான் இறுகும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது வலியில்லாத இடது காலையும் இறங்கும்போது வலது காலையும் முதலில் வையுங்கள்.

முட்டி வலி குறைய, உறையைவிடத் தொடையின் முன்தசைக்கு அதிகம் கைகொடுக்க முடியும். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவதைப் பத்துப் பத்தாக, ஒரு நாளில் மூன்று வேளை செய்யுங்கள். இடது காலுக்கும் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கணுக்கால் விகிதமும் உணர்ச்சிப் பரிசோதனையும், அவை சரியாக வந்தபின் 23–32 அழுத்தத்தில், திறந்த விரல், குட்டை நீளம், எம் அளவில், இடதுக்கு அகலக் கெண்டையுடன் ஒரு ஜோடி, அதை ஒரு வாரம் டேப்பால் சோதித்தபின் இரண்டாவது ஜோடி, முட்டி உறை கடைசியில். இதற்கிடையில் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டை வலித்துச் சூடாக இருந்தால், முன்பு எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை என்று சொன்னதை நம்பி இருந்துவிடாமல், காலுறை மாட்டாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.